கறை எந்த அடுக்கில் இருக்கிறது?

தாவரச் சாற்றில் பதனிட்ட தோல்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து காய்ந்தால் நடுப்பகுதி லேசாகவும் விளிம்பு அடர்த்தியாகவும் ஒரு வளையம் மிஞ்சும். ஈரம் பரவும்போது தோலுக்குள் கட்டுப்படாமல் இருக்கும் டானினையும் எண்ணெயையும் ஓரத்துக்கு இழுத்துச் சென்று, உலரும்போது அங்கேயே விட்டுவிடுவதால் வருவது அந்தக் கரை. பைக்கு அது பெரிய கேடில்லை. விற்பனைப் பட்டியலுக்கு எடுத்த படத்தில் மட்டும் கண் நேராக அங்கேதான் போகும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் பொருள்களின் படங்களைச் சீர்செய்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. முகப்படங்களைத் திருத்துபவர்களுக்குப் பரு ஆறிய தழும்பு எப்படியோ, அப்படி.

இதைப் போக்கச் சொல்லப்படும் வழிகளில் அதிகம் கற்பிக்கப்படுவதும் அதிகம் கெடுக்கப்படுவதும் ஃப்ரீக்வென்சி செபரேஷன் என்ற அதிர்வெண் பிரிப்பு. படத்தை இரண்டு லேயராகப் பிரித்து, நிறமும் ஒளி-நிழல் ஏற்ற இறக்கமும் கீழே, நுண்ணிய டெக்ஸ்சர் மேலே என்று வைத்துவிட்டால் கறையைக் கீழ் லேயரில் அழிக்கலாம், டெக்ஸ்சர் தொடப்படாமல் இருக்கும் என்பது வாக்குறுதி. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்பதைத்தான் இங்கே ஒரு பையின் மூடிமடல் வழியாகப் பார்க்கப் போகிறோம்.

பிரிப்பின் கணக்கு எளியது. படத்தை மங்கலாக்கினால் நுண்மை போய்விடும். அதுதான் கீழ் லேயர். மூலப் படத்திலிருந்து அந்த மங்கலைக் கழித்தால் எஞ்சுவது நுண்மை. அது மேல் லேயர். இரண்டையும் கூட்டினால் மூலம் அப்படியே திரும்பிவிடும். படத்தை இப்படி அளவுவாரியாகப் பிரித்து வேலை செய்து மறுபடி சேர்க்கும் எண்ணம் போட்டோஷாப்பைவிட மூத்தது. பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் அடெல்சனும் 1983-இல் லாப்லாசியன் பிரமிடு என்று எழுதியது இதன் முறையான வடிவம். ஆப்பிளின் பாதியையும் ஆரஞ்சின் பாதியையும் தையல் தெரியாமல் ஒட்டிக் காட்டிய அவர்களுடைய படம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. படம் திருத்துபவர் செய்வது அந்தப் பிரமிடை இரண்டே படிகளாகச் சுருக்கிய வேலை.

கழித்தால் எதிர்மறை எண்ணும் வருமே, அதை எங்கே வைப்பது? அதனால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, நடுச்சாம்பலான 128-ஐக் கூட்டி மேல் லேயரில் வைக்கிறார்கள். Linear Light முறை அதை இரட்டிப்பாக்கிக் கீழே உள்ளதோடு சேர்க்கிறது. போட்டோஷாப்பில் மூல லேயரை இரண்டு முறை நகலெடுத்து, Low என்று பெயரிட்ட கீழ் நகலுக்கு Gaussian Blur கொடுத்து, High என்ற மேல் நகலில் Apply Image திறந்தபின் நிரப்ப வேண்டியவை இவை:

```
8-bit :  Layer: Low   Blending: Subtract   Scale: 2   Offset: 128
16-bit:  Layer: Low   Invert: on   Blending: Add   Scale: 2   Offset: 0
High லேயரின் Blend Mode: Linear Light
```

8 பிட்டில் பாதியாக்கும்போதே ஒரு பிட் துல்லியம் போகிறது. எனவே படம் கச்சா வடிவில் இருந்தால் அங்கிருந்து 16 பிட்டாகத் திறப்பதே சரி. JPEG-இலிருந்து தொடங்கினால் அதன் எட்டுக்கு எட்டுக் கட்டங்களும் கிரெயினோடு சேர்ந்து மேல் லேயருக்கு வந்துவிடும். பிரித்த உடனே, எதையும் தொடுமுன், மூலப் படத்தின் நகலொன்றை மேலே வைத்து Difference முறைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் பிரிப்பு சரி. சாம்பல் நிறத்தில் உருவம் தெரிந்தால் மேலே உள்ள எண்களில் ஏதோ ஒன்று தவறு.

இனி மடலுக்கு வருவோம். ஆட்டுத்தோல் மடல், 24 செ.மீ. அகலம் படத்தில் 4,800 பிக்சலாக விழுந்திருக்கிறது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 20 பிக்சல். பெரிதாக்கிப் பார்த்தால் கிரெயினின் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு ஏறத்தாழ 12 பிக்சல். கறையின் அடர்ந்த கரை ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது 30 பிக்சல் அகலம். நல்ல பகுதியின் ஒளி அளவு 95 என்றால், கறையின் உட்பகுதி 82, கரை 70. கறையின் குறுக்கே நகம் பட்டது போன்ற மெல்லிய வெள்ளைக் கீறல் ஒன்றும் ஓடுகிறது.

முதல் முடிவு, மங்கலின் ஆரம் எவ்வளவு? கீழ் லேயரில் துளைகள் மறையும்வரை நகர்த்துங்கள் என்பது வழக்கமான அறிவுரை. கண்ணால் முடிவு செய்தால் பெரும்பாலும் கூடுதலாகவே போய்விடும். அளந்து முடிவு செய்யலாம். கிரெயினின் இடைவெளியில் பாதியை ஆரமாக வைத்தால், அந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பில் நூற்றில் ஒரு பங்குகூடக் கீழ் லேயரில் மிஞ்சாது. மூன்றில் ஒரு பங்கை வைத்தால் ஏறத்தாழ 11 விழுக்காடு மிஞ்சும். கால் பங்கை வைத்தால் 30 விழுக்காட்டுக்குக் கிட்டத்தட்ட வரும். நம் மடலுக்கு 12-இல் பாதி, 6 பிக்சல். அதற்குமேல் தேவையே இல்லை.

ஏன் தேவையில்லை என்பதில்தான் இந்த முறையின் சூட்சுமம் இருக்கிறது. ஆரத்தைக் கூட்டக் கூட்டக் கீழ் லேயர் வழவழப்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. அப்படி வழவழப்பாகும்போது கறையும் அங்கிருந்து மேல் லேயருக்குப் போய்க்கொண்டிருப்பது தெரிவதில்லை. நம் கரை 30 பிக்சல் அகலம். அதை ஓர் அலையின் பாதியாகக் கொண்டால் முழு அலை 60 பிக்சல். 6 பிக்சல் ஆரத்தில் அதன் வலுவில் 82 விழுக்காடு கீழ் லேயரில் இருக்கும், 18 விழுக்காடு மேலே போகும். ஆரத்தை 12 ஆக்கினால் கீழே இருப்பது 45 விழுக்காடுதான். பாதிக்குமேல் மேலே போய்விடும். அதன்பின் கீழ் லேயரில் எவ்வளவு நேர்த்தியாகத் தூரிகை ஓட்டினாலும் வளையத்தின் ஆவி போகாது. உண்மையான கரை ஒழுங்கான அலையல்ல, இந்த எண்கள் மதிப்பீடுதான். ஆனாலும் போக்கு மாறாது: கிரெயினைப் பிடிக்கும் மிகச் சிறிய ஆரமே கறையைக் கீழே தக்கவைக்கும்.

கீழ் லேயரில் பலரும் செய்வது, லாசோவால் கறையை வளைத்து, விளிம்பை மென்மையாக்கி, மறுபடி Gaussian Blur அடிப்பது. விரைவான வழி, எனக்கு ஒப்பாத வழி. மங்கலாக்கினால் கறை நீங்குவதில்லை, பரவுகிறது. வளையத்தின் இருட்டு உள்ளும் புறமும் கலந்து, தெளிவான சிறு கறைக்குப் பதில் அழுக்கான பெரிய திட்டு வரும். அதோடு மடலின் வளைவைக் காட்டும் மென்னிழலும் தட்டையாகிவிடும். கறை என்பது பெரும்பாலும் ஒளியை ஒரே விகிதத்தில் குறைக்கும் திரை. அதனால் கீழ் லேயருக்கு மட்டும் பொருந்துமாறு அதன்மேல் ஒரு Curves லேயரை இணைத்து, முகமூடியை முழுக்கக் கறுப்பாக்கி, கறை இருக்கும் இடத்தை மட்டும் மென்தூரிகையால் திறந்து 82-ஐ 95-க்கு ஏற்றுவது நல்லது. கரைக்கு இன்னொரு Curves, 70-ஐ 95-க்கு. அடியில் இருக்கும் வளைவின் நிழல் கெடாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பார்த்து ஏற்ற வேண்டும். டானின் சேர்ந்த இடம் இருண்டிருப்பதோடு நிறத்திலும் சற்றே மாறியிருக்கும். ஒளியை மட்டும் ஏற்றினால் அங்கே ஆரஞ்சுத் திட்டு தெரியும்.

அடுத்து வருவது பாடங்களில் பெரும்பாலும் விடுபடுவது. கறையைப் போக்கி, நிறம் சரியாகப் பொருந்தி, கிரெயினும் இருந்து, ஆனாலும் அந்த இடம் மட்டும் தேய்த்துவிட்டது போல் உயிரற்றுத் தெரியும். டெக்ஸ்சரைத் தொடவே இல்லையே என்று திருத்தியவர் குழம்புவார். தொடாததுதான் காரணம். கிரெயினின் மேடு-பள்ளம் கேமராவுக்குத் தெரிவது ஒளியின் விகிதமாக. மேடு பத்து விழுக்காடு கூடுதல் ஒளியைத் திருப்பினால், 95 அளவுள்ள இடத்தில் அது ஒன்பது சொச்சம், 70 அளவுள்ள இடத்தில் ஏழு. அதிர்வெண் பிரிப்போ கூட்டல் கணக்கு. கரையின் அடியை 95-க்கு ஏற்றிவிட்டோம், மேலே உள்ள ஏற்ற இறக்கம் ஏழிலேயே நிற்கிறது. பக்கத்து நல்ல தோலில் ஒன்பதரை, இங்கே ஏழு. கண் அந்தக் குறையைக் கண்டுபிடித்துவிடும்.

சரிசெய்வது கடினமல்ல. 95-ஐ 70-ஆல் வகுத்தால் 1.36. மேல் லேயருக்கு மட்டும் இணைத்த ஒரு Curves-இல் 128-ஐ அசையாமல் நிறுத்தி, 108-ஐ 101-க்கு இறக்கி, 148-ஐ 155-க்கு ஏற்றினால் கிரெயினின் வீச்சு ஏறத்தாழ அதே 1.36 மடங்கு கூடும். இதற்கும் கரையின் முகமூடியையே நகலெடுத்துப் போட்டுக்கொள்ளலாம். உட்பகுதிக்கு 1.16 போதும். கவனிக்க வேண்டியது ஒன்று. மெருகேற்றிய தோலில் மேடுகளின் நுனியில் தெறிக்கும் வெண்பளபளப்பு தோலின் நிறத்தைச் சார்ந்ததல்ல, விளக்கின் நிறத்தைச் சார்ந்தது. கறை அதை அவ்வளவாகக் குறைப்பதில்லை. பளபளப்பு மிகுந்த இடத்தில் முழு 1.36 கொடுத்தால் புள்ளிகள் உப்புத் தூவியது போல் துள்ளும். அங்கே முகமூடியைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை வேரிலேயே தவிர்க்க, கழிப்பதற்குப் பதில் வகுக்கலாம்: மூலத்தை மங்கலால் வகுத்து மேல் லேயர், பெருக்கித் திரும்பச் சேர்த்தல். ஒளியையும் பரப்பின் பிரதிபலிப்பையும் பெருக்கலாகக் கண்டு பிரிக்கும் சிந்தனை ஓப்பன்ஹைம், ஷாஃபர், ஸ்டாக்ஹாம் மூவரின் 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உண்டு. ஜிம்ப்பில் 32 பிட் மிதப்புப்புள்ளித் துல்லியத்தில் Divide, Multiply முறைகளால் இதைச் செய்ய முடியும். அப்போது கீழே ஏற்றினால் மேலே உள்ள வீச்சு தானாகவே விகிதத்தில் ஏறும். கறை அகற்றுவதற்கு இதுவே பொருத்தமான பிரிப்பு என்பது என் முடிவு. கூட்டல் முறை பரவியதற்குக் காரணம், போட்டோஷாப்பின் முழு எண் லேயர்களில் அது வசதியாக அமைந்தது என்பதே.

கீறலுக்கு மேல் லேயர்தான் இடம். கிழிந்த மேற்பரப்பின் நார் ஒளியைப் பிடித்து வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. அதன் அகலம் நாலைந்து பிக்சல், ஆறு பிக்சல் ஆரத்தில் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். Clone Stamp கருவியில் Sample: Current Layer வைத்து, பக்கத்துக் கிரெயினை எடுத்து மூட வேண்டும். தூரிகையின் விளிம்பு கடினமாக இருக்கட்டும், Opacity, Flow இரண்டும் நூறு. மென்விளிம்பே நல்லது என்ற பழக்கம் இங்கே எதிரி. தொடர்பில்லாத இரண்டு கிரெயின்கள் பாதிப் பாதியாகக் கலக்கும் இடத்தில் வீச்சு முழு அளவின் 71 விழுக்காடாகத் தணிந்துவிடும். கீறல் போன தடம் மங்கலான பாதையாக மிஞ்சும். கடின விளிம்பில் இரண்டு கிரெயினும் வெட்டிச் சேர்ந்தாலும் அதன் தையல் கிரெயினுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். முதுகுப்பக்கத் தோல் இறுக்கம், வயிற்றுப்பக்கம் தளர்வு. ஒரே மடலில்கூடக் கிரெயின் ஓரத்துக்கு ஓரம் மாறும். மடல் வளையும் இடத்தில் விளக்கு மேட்டின் வேறு பக்கத்தில் விழும். கீறலுக்கு இணையாக ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி, அதே ஒளிக்கோணத்தில் இருப்பதை எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

இன்னும் அந்த 18 விழுக்காட்டு ஆவி மேல் லேயரில் நிற்கிறது. கரை 25 அளவு இருண்டது என்பதால் ஆவியின் ஆழம் நாலைந்து அளவு. நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்க்கையில் கிரெயினுக்குள் ஒளிந்துகொள்ளும், 25 விழுக்காடாகச் சுருக்கினால் வளையம் எழுந்து வரும். அதனால் சோதனை சுருக்கிய பார்வையில்தான் நடக்க வேண்டும். மேலே தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையும் செங்குத்தான Curves ஒன்றும் போட்டுப் பார்த்தால் நாலளவும் நாற்பதளவாகத் தெரியும். எஞ்சியதை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மென்மையான ஏற்றத்தால் தீர்க்கலாம். அல்லது தொடக்கத்திலேயே மூன்று லேயராகப் பிரிக்கலாம். இன்னொரு மங்கலை 24 பிக்சலில் எடுத்தால் கரையின் ஏறத்தாழ 78 விழுக்காடு நடு லேயரில் வந்து சேரும், அடியில் 4 விழுக்காடே மிஞ்சும். நடு லேயரில் கரையின் மேல் 128 சாம்பலைப் பூசினால் பெரும்பகுதி ஒரே வீச்சில் போய்விடும். ஆனால் தோலின் இயற்கையான மேகத் திட்டுகளும் அதே அளவில்தான் வாழ்கின்றன, அவையும் சேர்ந்து போகும். ஆகவே சாம்பலைப் பூசுவதைவிட, பக்கத்து நடு லேயரைக் குளோன் செய்து மூடுவது மேல். ஜிம்ப் 2.10 முதல் Wavelet decompose என்ற வடிகட்டி இப்படி ஐந்து அளவுகளாகத் தானே பிரித்துக் கொடுக்கிறது. கிரெயினின் அளவு தெளியாத தோலுக்கு அது கைகொடுக்கும். ஐந்து லேயரில் எதில் எதைத் தொடுவது என்று தேடியே நேரம் போவதும் உண்டு.

மடலின் தையல் வேறு கதை. வெளிர்நூல் தையலை ஒட்டிக் கறை இருந்தால் Gaussian மங்கல் நூலின் வெளிச்சத்தைத் தோல்மேல் கசியவிடும். அந்தக் கசிவை ஈடுகட்டும் இருட்டு ஓரம் மேல் லேயரில் இருக்கும். கீழே கசிந்ததைக் கறை என்று எண்ணித் துடைத்தால் மேலிருக்கும் இருட்டு ஓரம் தனியே நின்று தையலைச் சுற்றிக் கரும் ஒளிவட்டம் வரும். டொமாசி, மண்டூச்சி இருவரும் 1998-இல் கொண்டுவந்த பைலேட்டரல் வடிகட்டி, ஒளி வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டினால் அங்கே மங்கலாக்காமல் விலகிக்கொள்ளும். அஃபினிட்டி போட்டோவின் Frequency Separation-இல் Gaussian, Median, Bilateral மூன்றும் தெரிவுகளாக உள்ளன. பைலேட்டரலுக்கு இன்னொரு பயனும் உண்டு: கறையின் கூர்மையான கரையும் முழுதாகக் கீழேயே தங்கிவிடும், ஆவி எழாது. ஆனால் வரம்பு கிரெயினின் வீச்சுக்கு மேலும் கறையின் ஆழத்துக்குக் கீழும் நிற்க வேண்டும். நம் மடலில் கிரெயின் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு 19 அளவு, கறை 25. இடைவெளி குறுகல், ஆனால் போதும். முரட்டுக் கிரெயினில் மெல்லிய கறை என்றால் இந்த வழி அடைபட்டுவிடும்.

மனிதச் சருமத்துக்கும் இதே கணக்குதான், இரண்டு வேறுபாடுகளோடு. முதலாவது, ஒரே முகத்தில் மூக்கின் துளை அளவு கன்னத்தில் இல்லை, நெற்றியில் இல்லை. குவியம் கண்ணில் இருந்தால் காதோரம் மங்கல். முகம் முழுக்க ஒரே ஆரம் என்பது எங்கோ ஓரிடத்துக்கு மட்டுமே பொருந்தும். கறை இருக்கும் பகுதியை மட்டும் அளந்து பிரிப்பதே முறை. இரண்டாவது, மேடிட்ட பருவும் தட்டையான தழும்பும் ஒன்றல்ல. பருவுக்கு ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல்; அது உருவம், நிறமல்ல. இரண்டு லேயர் பிரிப்பில் அது இரண்டிலும் சிதறிக் கிடக்கும், அதற்கு ஹீலிங் பிரஷ்ஷே நேர்வழி. நம்மைப் போன்ற மாநிறத்தவர், கருநிறத்தவர் சருமத்தில் பரு ஆறியபின் மெலனின் தங்கி வரும் கருந்தழும்பு அதிகம். அதில் துளைகள் அப்படியே இருக்கும், மாறியது நிறம் மட்டும். அதிர்வெண் பிரிப்பு தன் வாக்கை முழுசாகக் காப்பாற்றும் இடம் அதுதான். சிவப்புச் சேனலில் அந்தத் தழும்பு மெலிதாகவும் பச்சை, நீலத்தில் அழுத்தமாகவும் இருக்கும். ஏற்றமும் அந்த விகிதத்திலேயே இருக்கட்டும். விளம்பரங்களில் காணும் பிளாஸ்டிக் முகம் துளை போனதால் வருவதில்லை. துளைகள் துல்லியமாக இருக்கும். கன்னத்து எலும்பும் சிரிப்புக் கோடும் வாழும் நடு அளவுகள்தான் துடைக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவும் தேவையா, ஹீலிங் பிரஷ் போதாதா என்ற கேள்வி நியாயமானது. 2002-இல் போட்டோஷாப் 7-இல் வந்த அந்தக் கருவியும், அடுத்த ஆண்டு பெரெஸ், காங்னெ, பிளேக் மூவர் வெளியிட்ட பாய்சான் முறையும் செய்வது இதற்கு நெருங்கிய வேலை: டெக்ஸ்சரை ஓரிடத்திலிருந்தும் நிறத்தைச் சுற்றுவட்டத்திலிருந்தும் எடுத்துப் பொருத்துவது. நாணய அளவுக்கும் குறைவான, நல்ல தோலால் எல்லாப் பக்கமும் சூழப்பட்ட கறைக்கு அதையே பயன்படுத்துங்கள். அது தோற்பது கறை பெரிதாகும்போதும், தையலையோ நிழல் விளிம்பையோ தொடும்போதும். இன்னொன்று, அது கறைக்கு அடியில் இருக்கும் உண்மையான கிரெயினை வீசிவிட்டு வேறிடத்துக் கிரெயினை வைக்கிறது. அந்த இடத்துக் கிரெயினே வேண்டும் என்றால், அதாவது அந்தத் தோல் அந்தத் தோலாகவே இருக்க வேண்டும் என்றால், பிரிப்பு ஒன்றுதான் வழி.

எதைத் துடைக்கக் கூடாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஒரே வடிவில் நூறு பைகள் விற்கும் பட்டியலில், படத்துக்கு எடுத்த மாதிரிப்பையில் விழுந்த தண்ணீர்க் கறையைப் போக்குவதில் யாருக்கும் நட்டமில்லை. அந்த ஒரே பையை, அல்லது ஒரு குறிப்பிட்ட தோல் தாளை விற்கும் படத்தில் அதையே செய்தால் குறையை மறைத்து விற்பதாகும். கழுத்து மடிப்பு, பூச்சிக்கடி, முள் கிழித்து ஆறிய தடம் இவை முழுக்கிரெயின் தோலின் பிறப்பு அடையாளங்கள். வாங்குபவர் அவற்றைப் பார்த்துத்தான் முழுக்கிரெயின் என்று நம்புகிறார். முகத்துக்கு நார்வே சட்டமே போட்டுவிட்டது: 2022 ஜூலை 1 முதல் விளம்பரத்தில் ஒருவரின் உடல் வடிவம், அளவு, சருமம் திருத்தப்பட்டிருந்தால் படத்திலேயே அதைக் குறித்தாக வேண்டும். அந்தச் சட்டத்தின் முன், துளைகளை அப்படியே வைத்து நிறத்தை மட்டும் மாற்றினேன் என்ற வாதம் எடுபடாது. கீழ் லேயரும் சருமம்தான்.